இரண்டு இடத்திலும் ஒரே சீட்டு

'நான்' என்ற இடத்தில் ஒரு சீட்டு, 'துணை' என்ற இடத்தில் இன்னொரு சீட்டு. உறவு பற்றிக் கேட்க வருபவருக்குப் பல டாரட் ரீடர்கள் விரிக்கும் விரிப்பு இது. இரண்டையும் திருப்பும்போது ஒரே படம் தெரிந்தால் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் சிரித்துவிடுவார், அல்லது கண் கலங்குவார். "பார்த்தீங்களா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்பார். அங்கே ரீடர் தலையாட்டிவிட்டால் அன்றைய ரீடிங் அத்தோடு முடிந்தது. ஒரே சீட்டு வந்தால் இருவரும் ஒன்று என்று பொருளில்லை. ஒரே படத்தை இருவர் மேலும் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தச் சீட்டு இரண்டு முறை எப்படி வந்தது?

டாரட் கட்டில் 78 சீட்டுகள். 22 மேஜர் அர்கானா, 56 மைனர் அர்கானா. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் இருக்கும். ஆகவே ஒரு கட்டிலிருந்து அடுத்தடுத்து இரண்டு சீட்டு எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. அப்படி வந்தால் கட்டை எண்ணிப் பாருங்கள். வேறொரு கட்டின் சீட்டு கலந்திருக்கலாம். தோத் டாரட்டின் சில பதிப்புகளில் மேகஸ் சீட்டு மூன்று வடிவங்களில் உண்டு. வாங்கியவர் இரண்டை எடுத்து வைக்காமல் மூன்றையும் கட்டிலேயே விட்டிருந்தால், 'நான்' இடத்தில் ஒரு மேகஸும் 'துணை' இடத்தில் இன்னொரு மேகஸும் வந்து உட்காரும். அதற்கு ஆன்மிக விளக்கம் தேட வேண்டாம்.

முறையாக ஒரே சீட்டு இரு இடத்திலும் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு கட்டு வைத்துக்கொள்வது: தனக்கு ஒரு கட்டிலிருந்து, துணைக்கு மற்றதிலிருந்து. மற்றொன்று, ஒரே கட்டில் முதல் சீட்டை எடுத்து, பார்த்து, குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே வைத்துக் கலைத்துவிட்டு இரண்டாவதை எடுப்பது.

இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. எடுத்த சீட்டைக் கட்டின் மேலேயோ நடுவிலேயோ செருகிவிட்டு நாலு தரம் மேலோட்டமாகக் கலைத்தால், அந்தச் சீட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயேதான் கிடக்கும். கையும் பழக்கத்தில் அதே இடத்தில்தான் வெட்டும். 52 சீட்டுள்ள சாதாரணக் கட்டை இரண்டாகப் பிரித்து விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று சரியவிட்டுக் கலைத்தால், ஏழு முறையாவது செய்தால்தான் ஓரளவு கலையும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 78 சீட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டாரட் சீட்டு பெரியது, பலருக்கு அப்படிக் கலைக்கக் கை எட்டாது. ஒரு கையில் கட்டை வைத்து மறு கையால் கொத்துக் கொத்தாக எடுத்துப் போடுவார்கள். அது மிக மெதுவாகத்தான் கலையும். இந்த விரிப்புக்கு நான் சொல்வது, எல்லாச் சீட்டையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிடம் நன்றாகச் சுழற்றிக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குங்கள் என்பது. தலைகீழ்ச் சீட்டுகளும் அதில் தாமாகவே உருவாகிவிடும்.

சரியாகக் கலைத்திருந்தால், இரு இடத்துக்கும் ஒரே சீட்டு வர வாய்ப்பு 78இல் 1. தினம் ஒரு ஜோடிக்கு விரிக்கும் ரீடருக்குச் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு ஒரு முறை இது வந்துகொண்டிருக்கும். ஆளுக்கு ஐந்து சீட்டு எடுக்கும் பெரிய விரிப்பானால், எந்த இடத்திலாவது ஒரு சீட்டாவது பொதுவாக இருக்க ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே "கோடியில் ஒரு முறைதான் இப்படி வரும்" என்று சொல்லிக் கேட்பவரை மிரள வைக்காதீர்கள். வருவது அதிசயமில்லை. வந்ததை வைத்து என்ன பேசுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

துணையின் சீட்டை எடுத்த கை யாருடையது?

இருவரும் நேரில் வந்து, ஆளுக்கொரு கட்டிலிருந்து தாங்களே எடுத்திருந்தால், இரண்டு பேர் இரண்டு சீட்டுகளைப் பற்றிப் பேசுவார்கள். அது ஒரு வகை. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் ஒருவர்தான் வருகிறார். தன் சீட்டையும் அவரே எடுக்கிறார், வராதவரின் சீட்டையும் அவரே எடுக்கிறார். அப்போது துணையின் இடத்தில் இருப்பது துணையில்லை. வந்தவரின் மனசில் இருக்கும் துணை. கணவர் இப்போது அலுவலகத்தில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சீட்டு சொல்லாது. சொல்கிறது என்று நம்பும் ரீடர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. வராதவரின் மனசைத் திறந்து காட்டுவதாகச் சொல்லும் ரீடிங், வந்தவரின் சந்தேகத்துக்குத் தீனி போடுவதில்தான் போய் முடியும்.

ஒருவரே இரண்டையும் எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மூன்று விதமாக வாசிக்கலாம். இருவரும் ஒரே சூழலில் சிக்கியிருக்கலாம்: வீட்டில் ஒரு சாவு, ஒரு கடன், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பது போல. அல்லது, வந்தவர் தன்னிடம் இருப்பதையே துணையின் மேல் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உளவியலாளர் யுங் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நம்மிடம் இருந்தும் நாம் ஒப்புக்கொள்ளாத குணம் அடுத்தவர் முகத்தில்தான் பளிச்சென்று தெரியும். மூன்றாவது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அதையே திருப்பிச் செய்துகொண்டிருக்கலாம்: அவர் பேசாததால் இவர் பேசவில்லை, இவர் பேசாததால் அவர் பேசவில்லை.

மூன்றில் எது என்பதைச் சீட்டே சொல்லிவிடாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய முறை இருக்கிறது. பயிற்சிக்காக அமைத்த ஒரு ரீடிங்கில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள்

முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் வருகிறார். கணவரின் பெற்றோருக்கு வயதாகிவிட்டது. சொந்த ஊருக்கே குடிபோவதா, இல்லை அவர்களை இங்கே அழைத்து வருவதா என்ற பேச்சு ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறது. இருக்கிறது என்றாலும் யாரும் பேசுவதில்லை. "அவர் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்பது அவர் கேள்வி.

கேள்வியை முதலில் மாற்ற வேண்டும். அவர் மனசை நாம் பார்க்க முடியாது. "இந்தப் பேச்சில் நான் எங்கே நிற்கிறேன், அவர் எங்கே நிற்பதாக எனக்குத் தெரிகிறது, நடுவில் என்ன இருக்கிறது" என்று கேட்கலாம். இரண்டு கட்டு, மூன்று இடம். நான், துணை, நடுவில் இருப்பது. முதல் இரண்டு இடத்துக்கும் தனித்தனிக் கட்டு. மூன்றாவது சீட்டை எந்தக் கட்டிலிருந்தும் எடுக்கலாம். வசதிக்காக முதல் கட்டிலிருந்தே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கட்டும் ரைடர் பதிப்பே. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டு இது. ஒரே சீட்டை இரு இடத்திலும் வைத்துப் பார்க்கும் இந்தக் கண்ணாடி வாசிப்புக்கு இரண்டு கட்டும் ஒரே ஓவியமாக இருப்பது நல்லது. ஓவியம் வேறானால் வித்தியாசம் மனசிலிருந்து வந்ததா, படத்திலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

நான் என்ற இடத்தில் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். துணையின் இடத்திலும் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ். இரண்டும் நேராக.

படத்தை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். கல் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறது. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே மடித்து, கைக்கொரு நீள வாள். வாள்களின் நுனி தோளுக்கு மேலே, இரு பக்கமும் சாய்ந்து போகிறது. முதுகுக்குப் பின்னால் கடல், நீரில் பாறைகள். மேலே பிறை. புத்தகங்கள் இதற்கு முடிவெடுக்காமை, முட்டுக்கட்டை, தற்காலிக அமைதி என்று பொருள் சொல்லும். அதை இப்போது வாயில் எடுக்காதீர்கள்.

முதலில் அவருடைய சீட்டைக் காட்டி, "இது நீங்கன்னு வச்சுக்கோங்க. படத்துல என்ன நடக்குது, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சுருக்க வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம்.

"கண்ணைக் கட்டி உட்கார வச்சிருக்காங்க, பாவம். சுத்தி என்ன நடக்குதுன்னு அவளுக்குத் தெரியலை. கை வலிக்கும்ல, எவ்ளோ நேரம் தூக்கிட்டே இருப்பா?"

அந்தச் சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள். இது முக்கியம். கண் முன்னே இரண்டும் இருந்தால் முன்பு சொன்னதையே திரும்பச் சொல்வார். வேறு ஏதாவது இரண்டு நிமிடம் பேசிவிட்டு, துணையின் சீட்டைத் திருப்பி அதே கேள்வியைக் கேட்டு, பதிலை இன்னொரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

"வாளைக் கையில வச்சுக்கிட்டு யாரையும் கிட்ட விடமாட்டேங்கறார். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கார், எதையும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவரா முடிவு பண்ணி உட்கார்ந்த மாதிரி இருக்கு."

இப்போது இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படம் ஒன்றுதான். ஆனால் தன்னைப் பற்றிச் சொன்னதில் கண்கட்டு இருக்கிறது, வாள் ஆயுதமாக வரவே இல்லை. கை வலிக்கும் சுமையாகத்தான் வந்தது. துணையைப் பற்றிச் சொன்னதில் வாள் இருக்கிறது, கண்கட்டு காணவில்லை. தனக்கு யாரோ கட்டிவிட்டார்கள். அவர் தானாக உட்கார்ந்தார். அன்றைய ரீடிங்கில் சொல்ல வேண்டியது முழுக்க இந்த இடைவெளியில் இருக்கிறது. "ஒரே சீட்டு, ஒரே மனசு" என்று சொல்லியிருந்தால் இது கைக்கு வந்திருக்காது.

அடுத்து விடுபட்டதைக் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள். தீர்ப்பாகச் சொல்லக்கூடாது. "உங்க சீட்டுலயும் வாள் இருக்குல்ல, அதை எங்க பயன்படுத்தறீங்க?" சிறிது நேரம் கழித்து, "அவர் படத்துலயும் கண்ணைக் கட்டியிருக்கே. அவருக்கு எது தெரியாம இருக்கும்னு நினைக்கறீங்க?" முதல் கேள்விக்கு, "அவர் அம்மாகிட்ட போன்ல பேசறப்போ நான் எழுந்து உள்ள போயிடுவேன்" என்று ஒரு பதில் வரலாம். இரண்டாவதற்கு, "எனக்கு ஊருக்குப் போறதுல இஷ்டமா இல்லையான்னே அவர்கிட்ட நான் சொன்னதில்ல" என்று வரலாம். இப்படி ஏதாவது வந்தால், மூன்றில் எந்த வாசிப்பு என்பது தெளிவாகிவிடும். இங்கே இருவரும் ஒரே சூழலில் இருப்பதும் உண்மை, அதைவிட ஒருவர் மௌனத்தை மற்றவர் திருப்பித் தருவது பெரிய உண்மை. இரண்டு விவரிப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்திருந்தால் சூழல் பக்கம் சாயலாம். தன்னைப் பற்றி எல்லாம் நல்லதாகவும் துணையைப் பற்றி எல்லாம் கெட்டதாகவும் வந்து, விடுபட்டதைக் கேட்டபோதும் "எங்கிட்ட அப்படி எதுவும் இல்லை" என்று அடித்துச் சொன்னால், தன் குணத்தை அடுத்தவர் மேல் ஏற்றும் வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு, அன்றைக்கு அதை வற்புறுத்தாமல் விடுங்கள். அடித்து மறுப்பவரிடம் அதை நிரூபிக்கப் போனால் ரீடருக்கும் அவருக்கும்தான் சண்டை வரும். அவர் சொல்வதே உண்மையாகவும் இருக்கலாம் என்பதை இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

மூன்றாவது சீட்டு ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ். நான்கு கம்பம் நட்டு மேலே பூவும் பழமுமாகத் தோரணம். தூரத்தில் கோட்டை, இரண்டு பேர் பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வீடு, குடிபுகுதல், கொண்டாட்டம் என்பார்கள். நடுவில் இருப்பது சண்டையென்று நினைத்து வந்தவருக்கு நடுவில் வீடு வந்திருக்கிறது. இருவருமே வீட்டைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். மனசுக்கு இதமாக இருக்கிறதே என்று இந்தச் சீட்டில் அதிக நேரம் செலவிடாதீர்கள். நல்ல சீட்டு வந்ததும் முன்னால் பேசியதை மறக்க எல்லோருக்கும் ஆசை வரும்.

கடைசியில், "வீட்டுக்குப் போய் முதலில் என்ன சொல்லலாம்" என்று நான்காவதாக ஒன்று எடுக்கலாம். பேஜ் ஆஃப் கப்ஸ் வருகிறது. பூப்போட்ட உடுப்பில் ஓர் இளைஞன் கையில் கோப்பையை வைத்திருக்கிறான். அதிலிருந்து மீன் தலைநீட்டி அவனைப் பார்க்கிறது. பெரிய பேச்சுக்கான சீட்டில்லை இது. கொஞ்சம் அசட்டுத்தனமாக, சின்னதாக ஒரு வாக்கியம் போதும்: "எனக்கு ஊருக்குப் போகப் பயமா இருக்கு, ஆனா போகமாட்டேன்னு சொல்லலை." இந்த வாக்கியத்தை ரீடர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மீனைக் காட்டி, "இது என்ன சொல்லுதுன்னு நினைக்கறீங்க" என்று கேட்டால் அவரே சொல்லிக்கொள்வார்.

ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக

இரண்டும் ஒரே சீட்டு, ஆனால் ஒன்று தலைகீழ் என்றால் பலர் உடனே "ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர்" என்று போய்விடுகிறார்கள். தலைகீழ்ச் சீட்டை எப்படிப் படிப்பது என்பதில் ரீடர்களிடையே ஒத்த கருத்தே கிடையாது. எனக்கு உதவியது, தலைகீழை அதே விஷயத்தின் வேறு கட்டமாக எடுத்துக்கொள்வது. டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் துணையின் இடத்தில் தலைகீழாக இருந்தால், கண்கட்டு அவிழத் தொடங்கிவிட்டது அல்லது கை தளர்ந்து வாள் விழப்போகிறது. ஒருவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார், மற்றவரால் அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. எது எந்தப் பக்கம் என்பதை மறுபடியும் வந்தவரிடமே கேளுங்கள்.

இரண்டு ஆள் உள்ள சீட்டு கண்ணாடியாக வந்தால் வேலை இன்னும் சுவையாக இருக்கும். ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸில் பனியில் இரண்டு பேர் போகிறார்கள்; ஒருவர் கட்டைக்கோல் ஊன்றியவர், மற்றவர் சால்வை போர்த்தி வெறுங்காலுடன். மேலே விளக்கெரியும் கண்ணாடி ஜன்னல். 'நான்' இடத்தில் "இந்த ரெண்டு பேர்ல நீங்க யார்?" என்று கேளுங்கள். துணையின் இடத்தில் "இதுல அவர் யார்?" என்று கேளுங்கள். பணக் கஷ்டத்தில் இருக்கும் தம்பதிகளில் இருவருமே முன்னால் நடப்பவர் தாங்கள்தான் என்று சொல்வதும் உண்டு. தானே இழுத்துக்கொண்டு போவதாகத்தான் இருவரும் நினைக்கிறார்கள். ஜன்னலைப் பற்றி இரண்டு முறையும் யாரும் பேசவில்லையென்றால், உதவி கேட்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்கலாம். டூ ஆஃப் கப்ஸ், லவர்ஸ், டெவில் எல்லாம் இந்த வகைதான்.

ராணி, ராஜா போன்ற சபைச் சீட்டுகளில் இந்த முறை அவ்வளவாக எடுபடாது. குணத்தைப் பற்றிய பட்டியலாகப் போய்விடும். அங்கே படத்தை விட்டுவிட்டு, "இந்த ராணி இந்த வாரம் வீட்டில் என்ன செய்தார்" என்று ஒரு செயலைக் கேட்பது மேல்.

கண்ணாடியை விட்டுவிட வேண்டிய இடம்

ஒரே சீட்டு இரு பக்கமும் வந்தால் இருவருக்கும் சம பங்கு என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். மேலே சொன்ன பெண்ணிடம் "உங்க சீட்டுலயும் வாள் இருக்கே" என்று கேட்டது சரி. அங்கே இருவரும் சமமாக, பயமில்லாமல் மௌனமாக இருந்தார்கள். கணவர் அடிக்கிறார், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், வெளியே போனால் பின்தொடர்கிறார் என்று வந்தவர் சொல்லிவிட்ட பிறகு அதே கேள்வியைக் கேட்டால், அவர் மேல் விழும் அடிக்கு அவரையும் பங்காளியாக்குகிறோம். "எங்கிட்ட அப்படி எதுவும் இல்லை" என்று அவர் அடித்துச் சொல்வது அங்கே உண்மையாகவே இருக்கும். டெவில் சீட்டு இரு பக்கமும் வந்தால் இந்த ஆபத்து அதிகம். படத்தில் இருவர் கழுத்திலும் சங்கிலி தளர்வாக இருக்கிறது, நினைத்தால் கழற்றலாம் என்று புத்தகங்கள் சொல்லும். பயத்தில் இருப்பவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லவே கூடாது.

ஆகவே சீட்டைக் கலைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இங்க பேசறது அவருக்குத் தெரிஞ்சா ஏதாவது பிரச்சினை வருமா?" பதில் தயங்கி வந்தாலும், கண் வேறு பக்கம் போனாலும், துணையின் இடமே இல்லாத விரிப்பை எடுங்கள். 'எனக்கு யார் துணை, எனக்கு என்ன வேண்டும், இந்த வாரம் நான் எங்கே பத்திரமாக இருக்கலாம்' என்று மூன்று இடம் போதும். பெண்களுக்கான உதவி எண் 181, நாளெல்லாம் இயங்குவது. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாம், வீட்டில் யார் கையிலாவது கிடைக்கும். மூன்று இலக்கம்தான், மனப்பாடமாகச் சொல்ல வைத்து அனுப்புங்கள்.